பிழைதிருத்தி பச்சைக்கொடி காட்டிய வரவேற்புரை

கேள்வி: ஐயா, வணக்கம். காட்பாடிக்கு அருகே ஒரு பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். தமிழாசிரியை மகப்பேறு விடுப்பில் இருப்பதால் ஆண்டு விழா வரவேற்புரையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மேடையில் படிப்பாள். கணினியில் பிழைதிருத்தியை ஓட்டினேன். இரண்டு சொற்களைத்தான் சிவப்புக் கோடிட்டது. ஆனாலும் பயமாக இருக்கிறது. உரையின் நடுப்பகுதி இதோ:

"பள்ளியின் 42வது ஆண்டு விழாவிற்கு வருகை தந்துள்ள முன்னால் மாணவர்களையும் பெற்றோர்களையும் வருக வருக என வரவேற்கிறேன். கடந்த கல்வி ஆண்டில் நமது மாணவர்களின் முயற்ச்சியாலும் ஆசிரியர்களின் பயிற்ச்சியாலும் பத்தாம் வகுப்பு தேர்வு எழுதிய 127 மாணவர்களில் 121 பேர் தேர்ச்சி பெற்றுள்ளது, பள்ளி வளாகத்தில் 300 மரக்கன்றுகள் நடப்பட்டது, ஒவ்வொரு மாணவர்களும் ஒரு கன்றை தத்து எடுத்துள்ளனர். பரிசுகளை அழிக்க வந்திருக்கும் சிறப்பு விருந்தினருக்கு நமது மனமார்ந்த நன்றியை தெரிவித்து கொள்கிறேன்."

இதை எந்த முறையில் சரிபார்க்க வேண்டும்?

பதில்:

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. இந்தப் பகுதியின் பெரிய பிழைகள் சிவப்புக் கோடு விழாதவை. குடியாத்தத்துப் பக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் நடத்தியவன் நான். ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரம் வந்துவிட்டால் என் மேசையில் விடைத்தாளைவிட உரைத்தாள்தான் அதிகம் கிடக்கும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: மேடையில் படிக்கப்படும் உரையைத் திருத்தும் வரிசை, கட்டுரையைத் திருத்தும் வரிசை அன்று. கேட்பவருக்குத் தாள் தெரியாது. ஆகவே காதில் விழும் பிழை முதலில், கண்ணில் மட்டும் படும் பிழை பிறகு.

காதில் விழுவதில் மிக மோசமானதிலிருந்து தொடங்குகிறேன். "பரிசுகளை அழிக்க வந்திருக்கும் சிறப்பு விருந்தினர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அளிப்பது கொடுப்பது, அழிப்பது ஒழிப்பது. இரண்டும் அகராதியில் உள்ள நல்ல சொற்கள். பிழைதிருத்தி ஒவ்வொரு சொல்லையும் தன் பட்டியலோடு ஒப்பிட்டு, இப்படியொரு சொல் உண்டா என்று பார்க்கிறது. இந்த இடத்தில் இந்தச் சொல் பொருந்துமா என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. "முன்னால் மாணவர்" தப்பித்ததும் இப்படித்தான். முன்னால் என்றால் எதிரே. முன்னாள் என்றால் முந்தைய காலம். உங்கள் வாக்கியப்படி விருந்தினர் வரிசையில் எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவர்களைத்தான் வரவேற்றிருக்கிறீர்கள்.

ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், நன்றியுரை சொன்ன சிறுவன் "எங்களுக்குக் கல்வி அழிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு" என்று கணீரென்று படித்தான். எழுதிக் கொடுத்ததைத்தான் படித்தான். முதலில் கை தட்டியவர்கள் ஆசிரியர்களே.

எனவே முதல் சுற்றில் ல, ள, ழ வரும் சொற்களையும் ர, ற வரும் சொற்களையும் மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றிலும் எழுத்தை மாற்றிப் போட்டால் வேறொரு சொல் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் அங்கே ஆபத்து இருக்கிறது என்று பொருள். ஆண்டு விழா உரைகளில் திரும்பத் திரும்ப வருபவை சிலவே: அளி, அழி, முன்னாள், முன்னால், கலை, களை, ஒளி, ஒலி, ஒழி, கறை, கரை. கலை நிகழ்ச்சி களை நிகழ்ச்சியானால் விவசாயத் துறைக்குப் போய்விடும். "கறை படியாத கரங்கள்" என்பதைக் "கரை படியாத" என்று அடித்தவர்களைக் கணக்கெடுக்க முடியாது. கைப்பேசியில் தட்டச்சு செய்திருந்தால் இந்தச் சுற்றை இரண்டு முறை செய்யுங்கள். முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் அது தானாக ஒரு சொல்லை நீட்டும். அவசரத்தில் அதைத் தொட்டுவிடுவோம்.

இதில் நம் பக்கத்துக்கென்று ஒரு சங்கடம் உண்டு. வட ஆற்காட்டுப் பேச்சில் ழகரம் பலர் நாக்கில் யகரமாகவோ ளகரமாகவோ சாய்ந்துவிடும். வீட்டில் உருதோ தெலுங்கோ பேசிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வரை நிறைய. காதால் கேட்டு எழுதும்போது ள, ழ குழம்புவது இதனால்தான். இது குற்றமில்லை, ஆனால் உரையை எழுதுபவரும் படிப்பவளும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தால், எழுதியவர் விட்ட பிழையைப் படிப்பவளும் பிடிக்க மாட்டாள். மாணவி படிக்கும் தாளில் ழ வரும் இடமெல்லாம் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுக் கொடுங்கள்.

அடுத்து, சிவப்புக் கோடு விழுந்த அந்த இரண்டு சொற்கள் முயற்ச்சி, பயிற்ச்சி என்று ஊகிக்கிறேன். முயற்சி, பயிற்சி என்பவையே சரி. அப்படியானால் தேர்ச்சி, வளர்ச்சி, மகிழ்ச்சி ஆகியவற்றில் மட்டும் ஏன் ச் வருகிறது என்று கேட்பீர்கள். கணித ஆசிரியைக்கு இந்த விதி பிடிக்கும். தமிழில் ஒரு சொல்லுக்குள் இரண்டு புள்ளி எழுத்துகள் அடுத்தடுத்து நிற்க வேண்டுமென்றால், முதலில் நிற்பது ய், ர், ழ் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். வாய்ப்பு, வளர்ச்சி, வாழ்த்து என்று சொல்லிப் பாருங்கள். ட், ற் இரண்டும் வல்லின மெய்கள்; தமக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளியைச் சேர்த்துக்கொள்ளமாட்டா. ஆகவே முயற்சி, கற்பித்தல், கட்சி, நட்பு.

இந்த விதியை மறக்காமலிருக்க நம் மாவட்டத்தின் பழைய பெயரே போதும். ஆற்காடு என்றும் எழுதுகிறார்கள், ஆர்க்காடு என்றும் எழுதுகிறார்கள். ஆறு என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்பவர்கள் ற் போட்டு ஒரே ககரத்தோடு நிறுத்துகிறார்கள். ஆர் என்னும் ஆத்தி மரத்திலிருந்து பிறந்தது என்பவர்கள் ர் போட்டு க்கா என்று இரட்டிக்கிறார்கள். எந்தக் கட்சியில் வேண்டுமானாலும் சேருங்கள். "ஆற்க்காடு" என்று எழுதினால் மட்டும் இரண்டு கட்சியும் உங்களைச் சேர்த்துக்கொள்ளாது.

இனி எண்கள். 42, 127, 121, 300 என்று இலக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அச்சில் அது சரி. மேடைத் தாளில் ஆகாது. இலக்கத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் ஒரு கணம் திணறுவார்கள், பிறகு வாய்க்கு வந்தபடி "நாப்பத்தி ரெண்டாவது" என்பார்கள். படிக்க வேண்டியதை எழுத்திலேயே எழுதிவிடுங்கள்: நாற்பத்திரண்டாம் ஆண்டு விழா; நூற்று இருபத்தேழு பேர்; நூற்று இருபத்தொரு பேர். "இருபத்தி ஏழு" என்பதில் வரும் தி பேச்சு வழக்கு. எழுத்தில் இருபத்தேழு, அல்லது பிரித்து இருபத்து ஏழு. 300 என்பது முந்நூறு. "முன்னூறு" என்று எழுதினால், முன்பு வந்த நூறு என்று பொருளாகிவிடும். அதுபோலவே 500 என்பது ஐந்நூறு. வேலூர்க் கோட்டைச் சிப்பாய்ப் புரட்சியைத் தொடாமல் நம் ஊரில் எந்த விழா உரையும் முடிவதில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்: 1806 என்பதை "ஆயிரத்து எண்ணூற்று ஆறாம் ஆண்டு" என்று எழுதிக் கொடுங்கள்.

தேர்ச்சி விழுக்காட்டை உரையில் சேர்க்கச் சொல்லித் தலைமையாசிரியர் கேட்பார். 121ஐ 127ஆல் வகுத்தால் 95.28 வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் "தொண்ணூற்றைந்து புள்ளி இரண்டு எட்டு" என்று ஒரு சிறுமி மேடையில் சொல்வதால் யாருக்கும் எதுவும் விளங்காது. "தொண்ணூற்றைந்து விழுக்காட்டுக்கும் மேல்" போதும். 42 என்ற எண்ணை மட்டும் அழைப்பிதழோடும் பின்னால் கட்டும் பேனரோடும் ஒப்பிட்டுவிடுங்கள். உரையில் நாற்பத்திரண்டும் பேனரில் நாற்பத்தொன்றும் இருந்த விழா ஒன்றில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றாவது, எழுவாயும் பயனிலையும். "121 பேர் தேர்ச்சி பெற்றுள்ளது", "மரக்கன்றுகள் நடப்பட்டது" என்ற இரண்டும் இலக்கணப் பிழை. பேர் என்றால் ஆட்கள்; அதனால் பெற்றுள்ளனர் அல்லது பெற்றிருக்கிறார்கள். கன்றுகள் பன்மை, அதனால் நடப்பட்டன. பேச்சில் நாம் "மாடுங்க வந்துச்சி" என்று அஃறிணைப் பன்மையை ஒருமையிலேயே முடிக்கிறோம். அந்தப் பழக்கம் எழுத்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. "ஒவ்வொரு மாணவர்களும்" என்பதும் இதே குடும்பம். ஒவ்வொரு என்றாலே ஒருவர் ஒருவராக எடுப்பது. ஒவ்வொரு மாணவரும் என்று ஒருமையில்தான் வரும். பெற்றோர் என்பதே பன்மை, கள் தேவையில்லை. ஆனால் "பெற்றோர்கள்" வழக்கில் ஊன்றிவிட்டது, அதற்காக நான் யாரோடும் சண்டை போடுவதில்லை.

இந்தப் பிழைகளுக்கு அடிக்காரணம் உங்கள் வாக்கியத்தின் நீளம். "கடந்த கல்வி ஆண்டில்" என்று தொடங்கிய வாக்கியம் காற்புள்ளி போட்டுப் போட்டு மூன்று செய்திகளைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால், வாக்கியம் நீள நீள எழுதுகிறவருக்கே எழுவாய் மறந்துபோகும். ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசி வினையில் விரலை வைத்துக்கொண்டு, "எது? யார்?" என்று கேட்டுப் பின்னோக்கிப் போங்கள். விடை நான்கைந்து சொற்களுக்குள் கிடைக்காவிட்டால் வாக்கியத்தை வெட்டுங்கள். இதற்கு இலக்கண நூல் எதுவும் வேண்டாம்.

நான்காவது பிழையை யாரும் பிழையென்றே எண்ணுவதில்லை. "விருந்தினருக்கு நமது மனமார்ந்த நன்றியை" என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் என்றால் எதிரே இருப்பவரும் சேர்த்தி. நாங்கள் என்றால் எதிரே இருப்பவர் சேர்த்தி இல்லை. தமிழ் இந்த வேறுபாட்டை அவ்வளவு கறாராக வைத்திருக்கிறது. நமது நன்றி என்று விருந்தினரிடமே சொன்னால், அவரும் தமக்குத் தாமே நன்றி சொல்லிக்கொள்ள வேண்டியதாகிறது. அது எங்கள் நன்றி. எங்கள் நன்றி என்றால் முடிவு தெரிவித்துக்கொள்கிறோம் என்று இருக்க வேண்டும், கொள்கிறேன் ஒட்டாது. பள்ளிக்கு மட்டும் "நம் பள்ளி" என்று சொல்லலாம். முன்னாள் மாணவரும் பெற்றோரும் உட்கார்ந்திருக்கும் அரங்கில் அது அவர்களையும் உள்ளே அழைத்துக்கொள்ளும். ஒரே உரையில் நம் பள்ளியும் எங்கள் நன்றியும் வருவதில் முரண்பாடு இல்லை.

கடைசியாக ஒற்று. எல்லோரும் இதிலிருந்துதான் திருத்தத் தொடங்குவார்கள். நான் வேண்டுமென்றே இங்கே வைத்திருக்கிறேன். வாக்கியங்களை வெட்டி ஒட்டிய பிறகுதான் எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் நிற்கும் என்பது உறுதியாகும். அதற்கு முன்னால் ஒற்றுப் போட்டால் இரட்டை வேலை.

உங்கள் பகுதிக்கு நான்கு இடங்கள் தெரிந்தால் போதும். ஐ என்ற உருபு வெளிப்படையாக வந்தால் அடுத்து வரும் க, ச, த, ப இரட்டிக்கும்: நன்றியைத் தெரிவித்து, கன்றைத் தத்தெடுத்து. கு என்ற உருபுக்கும் அப்படியே: இதற்குக் காரணம். அந்த, இந்த, எந்த மூன்றுக்கும் அப்படியே: இந்தப் பள்ளி. நான்காவது, வினையெச்சம் உகரத்தில் முடியும் இடம். அந்த உகரத்துக்கு முன்னே வல்லினப் புள்ளி இருந்தால் அடுத்தும் வல்லினப் புள்ளி வரும்: தெரிவித்துக்கொள்கிறோம், படித்துக் காட்டினார். மெல்லினமோ இடையினமோ இருந்தால் வராது: வந்து சேர்ந்தார், செய்து கொடுத்தார். இந்த நான்காவது விதியைப் பெயர்ச்சொல்லுக்கு அப்படியே பொருத்தாதீர்கள். குரங்குக் குட்டி என்று அங்கே வேறு கணக்கு ஓடும். "வந்த பெற்றோர்", "எழுதிய தேர்வு" போன்ற இடங்களில் ஒற்று வரவே கூடாது. பயத்தில் எல்லா இடத்திலும் புள்ளி தெளிப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

ஒற்று பொருளையும் மாற்றும். வேலை கொடு என்றால் பணி கொடு. வேலைக் கொடு என்றால் முருகன் கையில் இருக்கும் வேலை எடுத்துக் கொடு.

ஆனால் மேடை உரைக்கு ஒற்று வேறொரு வகையிலும் முக்கியம். இரண்டு சொற்களை ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லும்போது நடுவில் பிறப்பதுதான் ஒற்று. மூச்சை நிறுத்தினால் அது பிறக்காது. ஆகவே "நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று ஒற்றோடு எழுதினால், அங்கே நிறுத்தாதே என்று மாணவிக்குச் சொல்லிவிட்டீர்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் காற்புள்ளி போட்டு ஒற்றை எடுத்துவிட வேண்டும்: "பெற்றோருக்கு, தலைமையாசிரியர் சார்பில் வணக்கம்." ஒற்றும் போட்டுக் காற்புள்ளியும் போட்டால் குழந்தை எதைக் கேட்கும்? எழுதி முடித்த உரையை அவளை ஒரு முறை படிக்கச் சொல்லி, அவள் நிற்கும் இடங்களில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். ஒற்று இருக்கும் இடத்தில் அவள் நின்றால் வாக்கியம் அவள் மூச்சுக்கு நீளம், வெட்டுங்கள்.

"வாழ்த்துக்கள்" சரியா "வாழ்த்துகள்" சரியா என்று நிச்சயம் யாராவது உங்களிடம் வம்புக்கு வருவார்கள். பழைய புத்தகங்களில் இரண்டும் கிடைக்கும். இரட்டித்தால் வாழ்த்துகிற கள்ளாகிவிடும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நான் வாழ்த்துகள் என்றே எழுதுகிறேன். உரையிலும் பேனரிலும் ஒன்றுபோல இருந்தால் போதும்.

கணினிக் கருவியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நீச்சல்காரன் என்ற புனைபெயர் கொண்ட நிரலாளர் உருவாக்கிய வாணி என்ற கருவி எழுத்துப்பிழைகளையும் நாவி என்ற கருவி சந்திப்பிழைகளையும் இணையத்தில் இலவசமாகவே சுட்டும். கண்ணுக்குத் தப்பிய நன்றியை தெரிவித்து போன்ற இடங்களுக்கு நாவி நல்ல துணை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். வேலூரில் தட்டச்சுக் கடைக்குக் கொடுத்து வாங்கிய உரை பழைய எழுத்துருவில் இருந்து ஒருங்குறிக்கு மாற்றப்பட்டதாக இருக்கலாம். அதில் ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்கால் குறி வந்திருக்கும்: ஆசிரியர் என்பது ஆசிாியர் என்று இருக்கும். சில எழுத்துருக்களில் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. கருவிக்கு மட்டும் தெரியும். சரியாகத் தோன்றும் ஒரு சொல்லை அது விடாமல் கோடிட்டால், வாதாடாமல் அந்தச் சொல்லை அழித்துவிட்டுப் புதிதாக அடியுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு உங்கள் பகுதி இப்படி நிற்கும்:

"நம் பள்ளியின் நாற்பத்திரண்டாம் ஆண்டு விழாவுக்கு வந்திருக்கும் முன்னாள் மாணவர்களையும் பெற்றோரையும் வருக வருக என வரவேற்கிறேன். சென்ற ஆண்டு நூற்று இருபத்தேழு பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள். அவர்களில் நூற்று இருபத்தொரு பேர் தேர்ச்சி பெற்றார்கள். மாணவர்களின் முயற்சியும் ஆசிரியர்கள் தந்த பயிற்சியும் இதற்குக் காரணம். பள்ளி வளாகத்தில் முந்நூறு மரக்கன்றுகள் நடப்பட்டன. ஒவ்வொரு மாணவரும் ஒரு கன்றைத் தத்தெடுத்து வளர்க்கிறார். பரிசுகளை அளிக்க வந்திருக்கும் சிறப்பு விருந்தினருக்கு எங்கள் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

வருக வருக என்று வரவேற்பது கூறியது கூறல்தான். ஆனால் அது இல்லாவிட்டால் நம் ஊரில் விழா தொடங்கியதாகவே ஒப்புக்கொள்ளமாட்டார்கள், இருக்கட்டும்.

பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடுங்கள். வரி முடிவில் ஒரு சொல்லை உடைக்காதீர்கள். பக்க முடிவில் ஒரு வாக்கியத்தை உடைக்காதீர்கள். அச்சான தாளைக் கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியம் வரை தலைகீழாக ஒரு முறை படியுங்கள். பொருள் இழுத்துக்கொண்டு போகாததால் எழுத்து கண்ணில் படும். அதற்கு மேல் ஏதாவது திருத்தினால் பேனாவால் அந்தத் தாளிலேயே திருத்துங்கள். விழா அன்று காலையில் புதுத்தாள் எடுத்தால், பழைய பிழையோடு இருக்கும் தாள்தான் எப்படியோ மேடைக்குப் போய்ச் சேரும்.